மதம் பற்றிய பாடம், மதப் பாடம் அல்ல

ஓய்வுக்குப் பின் மாரண்டஹள்ளியில் வசிக்கும் என்னைத் தேடிச் சில வாரங்களுக்கு முன் ஒரு வரைவு வந்தது. தன்னாட்சி பெற்ற ஒரு கல்லூரியில் பணியாற்றும் என் பழைய மாணவர் அதை அனுப்பியிருந்தார். ‘உலக மதங்கள்: ஓர் அறிமுகம்’ என்பது தலைப்பு. முதன்மைப் பாடம் சாராத விருப்பப் பாடமாக, எந்தத் துறை மாணவரும் எடுத்துக் கொள்ளலாம். ஐந்து அலகுகள், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஆக ஒரு பருவத்துக்கு முப்பது மணி நேரம். “ஐயா, பாடத்திட்டக் குழுவுக்குப் போகும் முன் நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும்” என்று எழுதியிருந்தார்.

பொருளாதாரம் படித்தவனிடம் ஏன் இது வந்தது என்று முதலில் தோன்றியது. படித்து முடித்தபோது காரணம் புரிந்தது. குறைந்த நேரத்தை எதற்கு, எவ்வளவு ஒதுக்குவது என்பதே இந்தப் பாடத்தின் முதல் சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் அந்த வரைவில் இருந்தது. அதன் ஒவ்வோர் அலகும் நல்லெண்ணத்துடன் எழுதப்பட்டிருந்தது. ஆனால், மதத்தைப் பற்றிக் கற்பிப்பதற்கும் மதத்தைப் போதிப்பதற்கும் இடையிலுள்ள கோடு எங்கே இருக்கிறது என்பது அதில் தெளிவாக இல்லை.

அந்தக் கோடு நம் நாட்டில் ஆசிரியரின் விருப்பத்துக்கு விடப்பட்ட ஒன்றல்ல. முழுவதும் அரசு நிதியில் நடைபெறும் எந்தக் கல்வி நிலையத்திலும் மதபோதனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு. அரசு உதவி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில், மாணவரின் இசைவின்றி (அவர் வயது வராதவராயின் பாதுகாவலரின் இசைவின்றி) மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யக் கூடாது. அறக்கட்டளை ஒன்றின் நிபந்தனைப்படி நிறுவப்பட்டு அரசால் நிர்வகிக்கப்படும் நிலையங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இந்தப் பிரிவு 1948 டிசம்பர் 7 அன்று அரசமைப்பு நிர்ணய சபையில் விவாதிக்கப்பட்டபோது, சமஸ்கிருதப் பாடசாலைகளில் நடைபெறும் நூற்கல்வியும் தடைபட்டுவிடுமோ என்ற ஐயம் எழுந்தது. அதற்கு அம்பேத்கர் அளித்த விளக்கம் இன்றும் இந்தத் துறையின் அடிக்கல். போதனை வேறு, ஆய்வும் படிப்பும் வேறு என்றார் அவர். இஸ்லாத்தை உதாரணமாகக் காட்டி, இறைவன் ஒருவனே என்றும் நபிகள் நாயகமே இறுதித் தூதர் என்றும் ஏற்கச் செய்வது போதனை. அந்தக் கோட்பாட்டை ஆராய்வது அதனின் வேறானது என்று பிரித்துக் காட்டினார். மக்கள் அனைவரிடமும் பெறும் வரிப்பணத்தை ஒரு மதத்தின் போதனைக்குச் செலவிடலாகாது என்பதும் அன்று அவர் முன்வைத்த வாதங்களில் ஒன்று. பொருளாதாரம் படித்தவனுக்கு இது எளிதில் விளங்கும் வாதம்.

நீதிமன்றங்கள் இந்த வேறுபாட்டை ஏற்றுக் கொண்டன. அமிருதசரஸில் குருநானக் பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டபோது, குருநானக்கின் வாழ்வையும் போதனைகளையும் ஆராய வகைசெய்த சட்டப்பிரிவை ஒரு டி.ஏ.வி. கல்லூரி எதிர்த்தது. ஒரு ஞானியின் வாழ்வையும் சிந்தனையையும் கல்விநோக்கில் ஆராய்வது மதபோதனை ஆகாது என்று 1971-இல் உச்சநீதிமன்றம் கூறியது. 2002-இல், தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு குறித்த அருணா ராய் வழக்கிலும் மதங்களைப் பற்றிக் கற்பிப்பதற்கு 28-ஆவது பிரிவு தடையல்ல என்று தீர்ப்பளித்தது. படிப்பு என்ற பெயரில் போதனை நுழைந்துவிடும் அபாயத்தையும் அந்தத் தீர்ப்பு சுட்டிக் காட்டியது.

தமிழ்நாட்டில் அண்மையில் நடந்த ஒன்றை இதனுடன் சேர்த்துக் குழப்பிக் கொள்ள வேண்டியதில்லை. கோயில் நிதியில் கொளத்தூர் உள்ளிட்ட நான்கு இடங்களில் அறநிலையத் துறை தொடங்கிய கல்லூரிகள் தொடர்பான வழக்கில், அங்கு இந்து சமயக் கல்விக்கான பிரிவும் தொடங்கப்பட வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021 நவம்பரில் உத்தரவிட்டது. அங்கே கேள்வி, கோயில் பணம் கோயிலின் நோக்கத்துக்குச் செலவாக வேண்டும் என்பது. நம் முன் உள்ள கேள்வி வேறு: எந்த மதத்துக்கும் உரிமையாகாத ஒரு வகுப்பறையில், எல்லா மதத்தினரும் எந்த மதமும் சாராதவரும் அமர்ந்திருக்கும்போது, எதைக் கற்பிப்பது?

அம்பேத்கர் பிரித்துக் காட்டிய கோட்டைத் தமிழில் வரைவது ஆங்கிலத்தில் வரைவதைவிட எளிது. ‘என்று’ என்ற ஒரு சொல் போதும். ‘இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார்’ என்பது விசுவாச அறிக்கை. ‘இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று கிறிஸ்தவர்கள் நம்புகின்றனர்’ என்பது பாடம். ‘அவர் உயிர்த்தெழவில்லை’ என்பதும் பாடம் ஆகாது; அது எதிர்த்திசையில் செய்யப்படும் போதனை. கல்லூரி ஆசிரியர் இந்த மூன்றில் நடுவில் இருப்பதை மட்டுமே தம் குரலில் சொல்ல முடியும். வரைவின் ஓர் அலகில் ‘உலகின் மிகப் பழைமையான, சகிப்புத்தன்மை மிக்க மதம்’ என்று ஒரு தொடர் இருந்தது. மற்றோர் அலகில் ‘சமத்துவத்தை நிலைநாட்டிய மதம்’ என்று இருந்தது. இரண்டிலும் ‘என்று’ காணாமல் போயிருந்தது. யார் அப்படிக் கருதுகிறார்கள், யார் மறுக்கிறார்கள் என்பது இல்லாதபோது, எழுதியவரே சாட்சியும் நீதிபதியும் ஆகிவிடுகிறார்.

ஆனால், ஒவ்வொரு மதத்துக்கும் சமமாகப் புகழுரை வழங்கிவிட்டால் மதச்சார்பின்மை காக்கப்பட்டுவிடும் என்ற எண்ணம் இந்த வரைவில் புதிதாகத் தோன்றியதல்ல. அதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1948-49-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, பட்டப்படிப்பின் முதலாண்டில் புத்தர், கன்பூசியஸ், சாக்ரடீஸ், இயேசு, இராமானுசர், நபிகள் நாயகம், கபீர், நானக், காந்தி போன்றோரின் வாழ்க்கை வரலாறுகளையும், இரண்டாமாண்டில் உலக சமய நூல்களிலிருந்து அனைவருக்கும் பொதுவான தன்மை கொண்ட பகுதிகளையும், மூன்றாமாண்டில் சமயத் தத்துவத்தின் மையச் சிக்கல்களையும் கற்பிக்கப் பரிந்துரைத்தது. 1966-இல் கோத்தாரி குழு, மதபோதனையையும் மதங்களைப் பற்றிய கல்வியையும் தெளிவாகப் பிரித்துவிட்டு, முதல் பட்டம் வரை பெரிய மதங்களைப் பற்றிய பொதுப்பாடம் ஒன்று இருக்க வேண்டும் என்றது. பாடநூல்களைத் தேசிய அளவில் அந்தந்த மதத்தின் வல்லுநர்கள் தயாரிக்க வேண்டும்; எவரும் நியாயமாக ஆட்சேபிக்கக் கூடியது எதுவும் அவற்றில் இல்லை என்பதைப் பல மதங்களையும் சேர்ந்த அறிஞர்கள் சரிபார்க்க வேண்டும் என்பது அதன் யோசனை.

இரண்டு குழுக்களின் நோக்கத்தையும் மதிக்கிறேன். பிரிவினையின் இரத்தம் உலராத காலத்தில் முதல் குழு எழுதியது. ஆயினும், பொதுவானதை மட்டும் தேர்ந்தெடுத்துக் கற்பிப்பது, ‘எல்லா மதங்களும் ஒன்றையே சொல்கின்றன’ என்ற முடிவை மாணவர் கேள்வி கேட்கும் முன்பே அவர் கையில் கொடுத்துவிடுவதாகும். அதுவும் ஒரு கோட்பாடுதான். அதை ஏற்காத பக்தர்கள் எல்லா மதங்களிலும் இருக்கிறார்கள். எவரும் ஆட்சேபிக்காத பாடநூல் என்பதோ, சாதி, பெண், உட்பிரிவுச் சண்டை, மதமாற்றம் ஆகிய எதுவும் இல்லாத பாடநூலாகவே முடியும். மாணவர் தம் தெருவில் பார்க்கும் மதம் ஒன்றாகவும் புத்தகத்தில் படிக்கும் மதம் வேறாகவும் இருக்கும்போது, அவர் புத்தகத்தை நம்புவதில்லை. தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டுத் தெருவையே நம்புகிறார்.

இனி நேரக் கணக்குக்கு வருவோம். முப்பது மணி நேரம் என்பது 1800 நிமிடங்கள். மக்கள்தொகை விகிதப்படி பங்கிடலாம் என்று ஒருவர் சொல்லக்கூடும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இந்துக்கள் 87.58 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 6.12, முஸ்லிம்கள் 5.86, சமணர் ஏறத்தாழ 0.12. அப்படிப் பங்கிட்டால் இந்து மதத்துக்கு 1576 நிமிடங்கள், கிறிஸ்தவத்துக்கு 110, இஸ்லாத்துக்கு 105, தமிழுக்கு இத்தனை இலக்கியம் தந்த சமணத்துக்கு இரண்டே நிமிடங்கள். இது கூடாதென்று சமமாகப் பங்கிட்டால், வழக்கமான பாடநூல்கள் பட்டியலிடும் பதினொரு மதங்களுக்கும் தலா இரண்டே முக்கால் மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் நிறுவனர் பெயர், நூலின் பெயர், பண்டிகையின் பெயர் ஆகியவற்றைச் சொல்லி முடிக்கலாம். வரைவு இரண்டாவது வழியைத் தேர்ந்திருந்தது. ஒவ்வொரு மதத்துக்கும் மூன்றே கட்டங்கள்: நிறுவனர், புனித நூல், கோட்பாடு.

இந்த மூன்று கட்ட அட்டவணை ஐரோப்பாவில், பெரிதும் சீர்திருத்தக் கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்தது. மதம் என்றால் முதலில் நூல் என்ற எண்ணத்தில்தான் மாக்ஸ் முல்லர் 1879 முதல் கிழக்கத்திய புனித நூல்கள் வரிசையை வெளியிட்டார். அது ஐம்பது தொகுதிகளாக 1910-இல் முடிந்தது. பெரும் உழைப்பு, அதன் பயனை இன்றும் அனுபவிக்கிறோம். ஆனால், நூல் இல்லாத வழிபாடு அந்த வரிசையில் இடம்பெற வழியே இல்லை.

எங்கள் மாவட்டத்தில் இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் பல ஊர்களில் வேடியப்பன் கோயில்கள் உண்டு. அவற்றில் பலவற்றில் வழிபடப்படுவது ஒரு நடுகல். ஆநிரை மீட்கும் பூசலில் உயிர்விட்ட வீரன் ஒருவனுக்காகப் பல நூற்றாண்டுகளுக்கு முன் நடப்பட்ட கல் அது. வில்லும் வாளுமாக நிற்கும் உருவம். சிலவற்றில் அரசனின் ஆட்சியாண்டுடன் வட்டெழுத்தில் ஒரு செய்தி. இன்று அந்த எழுத்தைப் படிக்க ஊரில் ஒருவரும் இல்லை. ஆனால், பொங்கல் வைப்பதும் நேர்த்திக்கடன் செலுத்துவதும் நிற்கவில்லை. இதை மூன்று கட்டத்தில் நிரப்புங்கள். நிறுவனர்: இல்லை. நூல்: இல்லை. கோட்பாடு: எழுதி வைக்கப்பட்டது எதுவும் இல்லை. மாணவரின் பாட்டி வாழ்நாள் முழுதும் கும்பிட்ட தெய்வம், அவர் எழுதும் தேர்வில் பூஜ்யம்.

பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1967-இல் சமயவியல் துறையைத் தொடங்கிய நினியன் ஸ்மார்ட் இந்தக் குறையைக் கண்டே வேறொரு சட்டகத்தைத் தந்தார். கோட்பாடு, கதை, ஒழுக்கநெறி, சடங்கு, அனுபவம், சமூக அமைப்பு, பொருள் வடிவம் என்று ஏழு கோணங்களில் ஒரு மதத்தைப் பார்க்கலாம் என்றார். வேடியப்பனுக்குக் கோட்பாட்டுக் கட்டம் காலியாக இருக்கலாம். கல் இருக்கிறது, கதை இருக்கிறது, சடங்கு இருக்கிறது, பூசாரி யார், முதல் மரியாதை யாருக்கு, யார் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்ற சமூக அமைப்பு இருக்கிறது. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களை ஒருநாள் பார்த்துவிட்டு, அடுத்த நாள் ஊரில் வழிபாட்டில் உள்ள ஒரு கல்லைப் பார்த்துவந்தால், நினைவுச் சின்னம் தெய்வமாவது எப்படி என்ற, உலகெங்கும் பொருந்தும் கேள்வியை மாணவர் தம் ஊரிலிருந்தே கேட்கத் தொடங்குவார். இதே தகடூரில் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வணிகர் இருவர் சமணப் பள்ளி ஒன்றைக் கட்டியதையும், நுளம்ப மன்னன் மகேந்திரன் அதற்கு ஆதரவளித்ததையும் கல்வெட்டு கூறுகிறது. மக்கள்தொகைக் கணக்கில் இரண்டு நிமிடம் பெற்ற மதம், மாவட்டத்தின் வரலாற்றில் எங்கே நின்றது என்பது அப்போது தெரியும்.

ஆகவே, நேரத்தை மதங்களுக்குப் பங்கிடாமல் கேள்விகளுக்குப் பங்கிடலாம் என்று என் மாணவருக்கு எழுதினேன். முதல் அலகு சட்டமும் முறையும். இரண்டாவது, நம் மாவட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் மதங்கள். மூன்றாவது, ஒரு புனித நூலின் சிறு பகுதியை அதன் அடியார்களே காலந்தோறும் எப்படி வெவ்வேறாகப் படித்தார்கள் என்பது. நான்காவது, இரண்டு பொதுப் பொருள்களில் மதங்களை ஒப்பிடுதல். ஐந்தாவது, மதங்களுக்குள் எழுந்த எதிர்ப்பும் சீர்திருத்தமும், சார்வாகர் முதல் பெரியார் வரையிலான கடவுள் மறுப்பும். ஒவ்வொரு மதத்தின் காலம், பரவல், உட்பிரிவு ஆகிய அடிப்படைத் தகவல்கள் பத்துப் பக்கக் கையேடாக முதல் நாளே தரப்படும்; அவற்றை வகுப்பில் ஒப்பிக்க வேண்டியதில்லை.

நான்காம் அலகுக்கு நான் தந்த பொருள்களில் ஒன்று இறப்புச் சடங்கு, மற்றொன்று வட்டி. இரண்டாவது, பொருளாதாரக்காரனின் சாய்வு என்று வாசகர் சிரிக்கலாம். ஆனால், கந்துவட்டி என்றால் என்னவென்று எங்கள் மாணவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அந்த இரண்டு மணி நேர வகுப்பு எப்படி நடக்கலாம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நான்கு மூலங்கள் மாணவர் கையில் தரப்படும். முதலாவது, யூதரும் கிறிஸ்தவரும் ஏற்கும் உபாகமத்தில் வரும் விதி: சகோதரனிடம் வட்டி வாங்கக் கூடாது, அந்நியனிடம் வாங்கலாம். இரண்டாவது, வணிகத்தை அனுமதித்து ‘ரிபா’வைத் தடைசெய்யும் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயப் பகுதி. மூன்றாவது, மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம்: கடன் வாங்குபவரின் வருணத்துக்கு ஏற்ப மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வட்டி. நான்காவது, தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டுகள்: கோயிலுக்குரிய பணத்தை ஊர்ச்சபைகள் பெற்றுக் கொண்டு, ஒரு காசுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அதாவது பன்னிரண்டரை விழுக்காடு, பொலிசையாகச் செலுத்தின.

முதலில் கணக்கு. மனு கூறும் விகிதப்படி நூறு பணம் கடன் வாங்கினால் ஓராண்டுக்குப் பிராமணர் 24 தர வேண்டும். சூத்திரர் 60 தர வேண்டும். வருணம் என்பது ஒரு தத்துவச் சொல்லாக இல்லாமல் ஒரு தொகையாக மாணவர் முன் நிற்கிறது. ஆனால், வகுப்பு இங்கே நின்றுவிட்டால் அது பிரசாரம். அதே நூல் அதற்குச் சற்று முன்னதாக மாதம் எண்பதில் ஒரு பங்கு என்ற விகிதத்தையும் கூறுகிறது. அர்த்தசாஸ்திரமோ வருணத்தை விட்டுவிட்டு இடர்ப்பாட்டைப் பார்க்கிறது: சாதாரணக் கடனுக்கு மாதம் நூற்றுக்கு ஒன்றேகால், வணிகருக்கு ஐந்து, காட்டுவழி செல்வோருக்குப் பத்து, கடல் வணிகருக்கு இருபது. பெரிய கோயிலின் கல்வெட்டில் இவ்விரண்டும் இல்லாத மூன்றாவது ஏற்பாடு. நூல் சொல்வது வேறு, நடந்தது வேறாக இருக்கலாம் என்பதை மூன்று எண்களே காட்டிவிடுகின்றன.

அடுத்து வரும் தவறான முடிவையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். ‘இஸ்லாம் தடுத்தது, மற்றவை அனுமதித்தன’ என்று ஒரு மாணவர் சொல்வார். அப்போது, வட்டிக்குக் கொடுப்போரை 1179-இல் மூன்றாம் லாத்தரன் சங்கம் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்ததையும், பதினாறாம் நூற்றாண்டில் கால்வின் நிபந்தனைகளுடன் வட்டியை ஏற்றதையும் ஆசிரியர் எடுத்துக் காட்டலாம். இன்றைய வங்கி வட்டி குர்ஆன் தடுத்த ரிபாதானா என்பதில் முஸ்லிம் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருப்பதையும் கூறலாம். பெரும்பான்மையோர் ஆம் என்கின்றனர், சிலர் மறுக்கின்றனர். வகுப்பின் தொடக்கத்தில் ‘மதம் என்ன சொல்கிறது?’ என்று கேட்ட மாணவர், இறுதியில் ‘யார், யாருக்கு, எந்தக் காலத்தில் சொன்னார்கள், கேட்டவர்கள் என்ன செய்தார்கள்?’ என்று கேட்டால் வகுப்பு வென்றது. இந்த மாற்றம் நிகழ்ந்ததா என்பதை ஒரு பக்க எழுத்துப் பயிற்சியில் கண்டுவிடலாம்.

இதையெல்லாம் எழுதிய பிறகும், பாடத்திட்டத்தில் யாரும் கவனிக்காத ஒரு பக்கம் மிச்சமிருந்தது: மாதிரி வினாத்தாள். நம் கல்லூரிகளில் உண்மையான பாடத்திட்டம் அதுவே. மாணவர் அலகைப் படிப்பதில்லை, வினாவைப் படிக்கிறார். வரைவின் வினாத்தாளில் ‘எல்லா மதங்களும் அன்பையே போதிக்கின்றன - விளக்குக’ என்று ஒரு வினா இருந்தது. இதில் முழு மதிப்பெண் வாங்க அந்தக் கூற்றை ஒப்புக் கொள்ள வேண்டும். ஒப்புதலுக்கு மதிப்பெண் தரும் வினா, எத்தனை இனிமையாக இருந்தாலும் போதனை வினாவே. ‘வட்டி குறித்து மனுஸ்மிருதியும் பெரிய கோயில் கல்வெட்டும் தரும் செய்திகள் எவ்வாறு வேறுபடுகின்றன? காரணம் என்னவாக இருக்கலாம்?’ என்று கேட்டால், பக்தரும் மறுப்பாளரும் ஒரே மதிப்பெண் பெற முடியும். ஒரு வினாவைச் சோதிக்க எளிய வழி இதுதான்: அந்த மதத்தை நம்பும் மாணவரும் நம்பாத மாணவரும் தங்கள் மனசாட்சிக்கு மாறாக ஒரு சொல்லும் எழுதாமல் முழு மதிப்பெண் பெற முடியுமா?

வகுப்பறையிலும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் உண்டு. ஆசிரியர் ‘நாம்’ என்று பேசத் தொடங்கினால், அந்த ‘நாம்’-இல் சேராதவர் யார் என்று பார்க்க வேண்டும். வகுப்பிலுள்ள ஒரே முஸ்லிம் மாணவியிடம் ‘உங்களில் இதை எப்படிச் செய்வீர்கள்?’ என்று கேட்டுவிட்டால், பதினெட்டு வயதுப் பெண்ணை ஒரு மதத்தின் பிரதிநிதியாக நிறுத்திவிட்டோம் என்று பொருள். சிறப்புரைக்கு அழைக்கப்படும் குருக்கள், பாதிரியார், இமாம் ஆகியோர் தம் மதத்தைப் போதிக்க உரிமை உள்ளவர்கள். அது அவர்கள் கடமையும்கூட. அதனால்தான் அவர்களின் பேச்சு பாடத்துக்குரிய மூலமாக இருக்கலாமே தவிரப் பாடமாக இருக்க முடியாது. களப்பயணம் வழிபாட்டு நேரத்தில் அமைந்தால், வெளியே நிற்க விரும்பும் மாணவருக்குக் காரணம் கேட்காமல் அந்த உரிமை தரப்பட வேண்டும்.

என் திட்டத்துக்கும் எல்லைகள் உண்டு என்பதை மறைக்கவில்லை. இதைப் படித்து முடிக்கும் மாணவருக்கு ஷிண்டோ பற்றியோ தாவோ பற்றியோ கையேட்டின் அரைப் பக்கத்துக்கு மேல் தெரியாது. அதைவிடப் பெரிய குறை, கற்பிக்க ஆள் இல்லை என்பது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே துறைகளும் மையங்களும் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு மதத்தில் ஆழ்ந்தவரை உருவாக்குகிறது. பலவற்றை அருகருகே வைத்துக் கற்பிக்கப் பயின்றவர் நம் கல்லூரிகளில் அரிதினும் அரிது. இந்தப் பாடம் வரலாற்று ஆசிரியரின், தமிழாசிரியரின் கூடுதல் பணியாகவே போய்ச் சேரும். அவருக்குத் தேவை, மூலப் பகுதிகள் அடங்கிய நூறு பக்கத் தொகுப்பும், தொடக்கத்தில் ஒரு வாரப் பயிற்சியும். அது இல்லாத இடத்தில் பாடத்தைத் தொடங்காமல் இருப்பது மேல்.

இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்கலாம். எங்கள் பகுதிப் பிள்ளைகள் பட்டம் வாங்கியதும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். ஓர் அறையில் நான்கு பேர். நான்கு ஊர், மூன்று மொழி, இரண்டு மூன்று மதம். அடுத்தவர் நோன்பு ஏன், அடுத்தவர் தட்டில் இது ஏன் இல்லை என்பதற்கு அவர்களுக்குக் கிடைக்கும் முதல் விளக்கம் கைப்பேசியில் வரும் செய்தித் துணுக்கு. அதில் ‘என்று’ இருப்பதில்லை. ‘அவர்கள் இப்படித்தான்’ என்று முடிந்துவிடுகிறது. யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, அவர்களிலேயே மறுத்தவர் யார் என்று அந்த இடத்தில் நின்று கேட்கும் பழக்கத்தை முப்பது மணி நேரத்தில் ஊட்ட முடியும்.

திருத்திய வரைவு பாடத்திட்டக் குழுவின் முன் இருக்கிறது. வட்டி பற்றிய வகுப்பை நீக்கிவிட்டு ‘மதங்கள் காட்டும் அமைதி வழி’ என்று மாற்றலாம் என ஒரு யோசனை வந்திருப்பதாக என் மாணவர் சொன்னார். அமைதி நல்லதுதான். ஆனால், அந்தத் தலைப்பில் எந்த வினா கேட்டாலும் விடை முன்கூட்டியே தெரிந்துவிடும். விடை தெரிந்த வினாக்களுக்குக் கல்லூரி தேவையில்லை.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), மாரண்டஹள்ளி.